கருமாதிக்குச் சொல்லப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது

துக்க வீட்டுக்கு யாரும் அழைப்பு எதிர்பார்ப்பதில்லை. செய்தி காதில் விழுந்ததும் கிளம்பி வந்துவிடுவார்கள். கருமாதி அப்படியில்லை. சொன்னால்தான் வருவார்கள், சொல்ல வேண்டிய முறையில் சொல்லாவிட்டால் வரமாட்டார்கள், அந்த வருத்தம் பல வருஷம் பேச்சில் ஓடும். அதுவும் இந்த வேலையை, சரியாகத் தூங்கிச் சாப்பிட்டு நாளான ஒரு வீடு பத்துப் பன்னிரண்டு நாளுக்குள் செய்து முடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா காலமானபோது தம்பிதான் கொள்ளி வைத்தான். காரியம் முடியும்வரை அவன் வீடு வீடாகப் போய்ச் சொல்ல முடியாது. சித்தப்பா, பெரியப்பா வீட்டுப் பங்காளிகளுக்கும் பதினாறு நாள் தீட்டு. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள்தான் என்பது எங்கள் பக்க வழக்கம். அதனால் சொல்லும் வேலை என்னிடமும் என் கணவரிடமும் மாமா மகனிடமும் வந்தது. யார் போவது என்பதை முதல் நாளிலேயே பேசி வைப்பது நல்லது. மாப்பிள்ளை, மாமன் மச்சான் முறைக்காரர்கள் போனால் வாங்கிக்கொள்ளும் வீட்டுக்கும் சங்கடமில்லை.

நான் எழுதுவது திருச்சிப் பக்கம் பதினாறாம் நாள் காரியம் செய்யும் குடும்பங்களின் வழக்கத்தை வைத்து. பத்தாம் நாளில் தொடங்கிப் பதின்மூன்றாம் நாள் சுபம் செய்து முடிப்பவர்கள் உண்டு. ஈழத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி. நாள் மாறினாலும் சொல்லும் வேலையில் வருகிற சிக்கல்கள் பெரும்பாலும் இவைதான்.

முதல் சிக்கல் தேதி. அப்பா போனது புதன் இரவு கழிந்து மணி 1.40க்கு. ஆஸ்பத்திரிச் சீட்டில் வியாழக்கிழமை. தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் மறைவு என்று வியாழக்கிழமைத் தேதிதான். ஆனால் காரியம் செய்து வைக்கிறவர் சூரிய உதயத்தை வைத்துத்தான் நாள் கணக்குப் பார்ப்பார். விடிவதற்குள் போன உயிர் முந்தின நாள் கணக்கில்தான் சேரும். போன நாளும் ஒரு நாளாக எண்ணப்படும். ஆக புதன் முதல் நாள், அடுத்த புதன் எட்டாம் நாள், அதற்கடுத்த புதன் பதினைந்து, வியாழக்கிழமை கருமாதி. போஸ்டரைப் பார்த்து விரல் விட்டு எண்ணினால் வெள்ளிக்கிழமை வருகிறது. துக்கத்துக்கு வந்த உறவுகளில் பாதிப் பேர் போகும்போதே தாங்களாக எண்ணிப் பார்த்து, "அப்போ வெள்ளிக்கிழமை வந்துடுறோம்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவில் போன உயிர் என்றால் இந்தக் குழப்பம் கட்டாயம் வரும். காரியம் செய்கிறவரிடம் நேரத்தைச் சொல்லி, எது முதல் நாள், எது பதினாறாம் நாள் என்று கிழமையோடு கேட்டு எழுதி வாங்குங்கள். அதே சமயம் திதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பத்திரிகையில், "புதன்கிழமை பின்னிரவு 1.40 மணிக்கு" என்று நேரத்தோடு அச்சடிக்கச் சொன்னோம். கருமாதி நாளைத் தேதியோடு மட்டும் நிறுத்தாமல் கிழமையைப் பெரிய எழுத்தில் போட்டோம். நேரில் சொல்லும்போதும், "வெள்ளிக்கிழமை இல்ல, வியாழக்கிழமை" என்று இரண்டு கிழமையையும் சேர்த்தே சொன்னேன். வெறுமனே வியாழன் என்று சொன்னால், ஏற்கெனவே மனதில் வெள்ளி என்று பதிந்தவர்களுக்கு அது ஏறுவதில்லை.

சில வீடுகளில் செவ்வாய், வெள்ளியில் கருமாதி வைப்பதில்லை, ஒரு நாள் முன்னே பின்னே தள்ளுவார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்காக ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றுகிறவர்களும் இப்போது நிறைய. எதுவானாலும் சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்பே முடிவாகிவிட வேண்டும். நான்கு வீட்டில் சொன்ன பிறகு நாள் மாறினால், மாறிய சேதி எல்லோருக்கும் போய்ச் சேரவே சேராது. எங்களைப் போல ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் காரியம் வைப்பவர்கள் அன்று அமாவாசையா, ஆடிப்பெருக்கா என்று காலண்டரைப் பார்த்துவிடுவதும் அவசியம். அந்த நாட்களில் படித்துறையில் நிற்க இடம் இருக்காது, வண்டி பக்கத்தில் வரவே முடியாது. ஆற்றில் தண்ணீர் குறைந்த மாதமென்றால் குளிக்க என்ன வழி என்றும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியமானது. கருமாதி என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது மூன்று வேளைக் காரியம், மூன்று விதமான ஆட்கள் வர வேண்டியது. பதினைந்தாம் நாள் இரவு வீட்டில் படையல். பதினாறாம் நாள் விடிகாலை ஆற்றங்கரையில் பிண்டம் வைத்துக் கரைப்பது. அது முடிந்து வீட்டுக்கு வந்து படையல் போட்டு, மகனுக்கு உருமால் கட்டி, பந்தி. "வியாழக்கிழமை கருமாதி, வந்துடுங்க" என்று மட்டும் சொன்னால் என்ன ஆகும்? இரவே வர வேண்டிய மாமா காலை பத்து மணிக்கு வந்து இறங்குவார். சாப்பாட்டுக்கு மட்டும் வர நினைத்த எதிர்வீட்டுப் பெரியவர் வெறும் வயிற்றோடு ஏழு மணிக்கே பந்தலில் வந்து உட்கார்ந்துவிடுவார்.

நாங்கள் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து மூன்று பட்டியல் போட்டோம். முதல் பட்டியலில் அம்மாவின் பிறந்த வீடு, தம்பியின் மாமனார் வீடு, என் மாமனார் வீடு, அப்பாவின் இரண்டு தங்கைகள். இவர்கள் புதன்கிழமை மாலை ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும். இரண்டாவது, பங்காளிகளும் மாப்பிள்ளைகளும். இவர்கள் வியாழன் காலை ஆறு மணிக்குப் படித்துறைக்கு. மூன்றாவதில் மற்ற எல்லோரும்: தூரத்து உறவு, அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், தெருக்காரர்கள். இவர்களுக்குப் பதினொன்றரை மணிக்கு வீடு, பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் மூன்று சின்னக் கட்டங்கள். நேரில் சொன்னால் ஒரு குறி, போனில் சொன்னால் ஒரு குறி, யாரிடம் சொன்னோம் என்று ஒரு பெயர். அந்த மூன்றாவது கட்டம் எவ்வளவு உதவியது தெரியுமா! "எங்க வீட்டுக்கு யாரும் வரலையே" என்று ஒரு பெரியம்மா போனில் கேட்டபோது, "உங்க சின்ன மருமககிட்ட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சொல்லிட்டு வந்தோம் பெரியம்மா, நீங்க கோயிலுக்குப் போயிருந்தீங்களாம்" என்று உடனே சொல்ல முடிந்தது.

பட்டியலை நினைவிலிருந்து போடாதீர்கள். துக்கத்தில் மனசு நிற்காது. வீட்டில் கடைசியாக நடந்த கல்யாணத்தின் மொய் நோட்டு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஊர் வாரியாகப் பெயர்கள் இருக்கும். அப்பாவின் போனில் அந்தக் கடைசி மாதம் பேசிய எண்களையும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எங்களுக்குப் பெயரே தெரியாத மூன்று பேர் அப்படித்தான் கிடைத்தார்கள். அதில் ஒருவர் அப்பாவோடு தினமும் காலையில் நடக்கப் போகிறவர். அப்பா போன சேதியே அவருக்குத் தெரியவில்லை, நடைக்கு வராததால் ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கருமாதிக்குச் சொல்லத்தான் கூப்பிட்டேன், சாவுச் சேதியையே நான்தான் சொல்ல வேண்டி வந்தது. இப்படிச் சிலர் இருப்பார்கள் என்று எண்ணிக்கொண்டே போனைப் போடுங்கள். முதலில், "அப்பா விஷயம் தெரியுமா" என்று கேட்டுவிட்டு அப்புறம் நாளைச் சொல்லுங்கள்.

யாருக்கு முதலில் சொல்வது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. அம்மாவின் பிறந்த வீட்டுக்குத்தான் முதலில் போக வேண்டும். கோடிச் சேலை அங்கிருந்துதான் வருகிறது. தம்பிக்குக் கட்டும் உருமால் துண்டும் தாய்மாமன் கொண்டுவருவது. அவர் வராமல் அந்தக் காரியம் நகராது. அதனால் அவரிடம் சொல்வது வெறும் தகவலாக இருக்கக் கூடாது, கலந்து பேசுவதாக இருக்க வேண்டும். நாங்கள் போனபோது மாமா கேட்டவை எல்லாம் கணக்கான கேள்விகள்: எத்தனை பேருக்கு வேட்டி துண்டு எடுக்கணும், அம்மாவுக்கு என்ன நிறம், சம்பந்தி வீட்டிலிருந்தும் எடுக்கிறார்களா, இரவு எத்தனை பேர் தங்கலாம். பதில்களை நாங்கள் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அங்கேயே போய் நின்று யோசித்திருந்தால் அவருக்கும் சிரமம். மாமாவுக்கு முழங்கால் வலி என்பதால் படித்துறைப் படிகளில் இறங்க வேண்டாம், மேலே மண்டபத்திலேயே உட்காரலாம் என்பதையும் அப்போதே சொன்னோம்.

அடுத்து அத்தைகள். இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் பல வீடுகளில் கருமாதியின் பெரிய சண்டை இங்கிருந்துதான் கிளம்புகிறது. பதினைந்தாம் நாள் இரவு அம்மாவுக்குப் பூவும் பொட்டும் வைத்து, வளையலை உடைத்து, தாலியைக் கழற்றும் சடங்கு எங்கள் பக்கம் உண்டு. அது வேண்டாம் என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். அம்மாவிடம் கேட்டோம். தாலியை அவரே ஒரு நாள் காலையில் கழற்றிச் சாமி அறையில் வைத்துவிட்டார். இந்த முடிவை அத்தைகளுக்குப் புதன்கிழமை இரவு, எல்லோரும் கூடியிருக்கும்போது சொன்னால் என்ன நடக்கும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அதனால் கருமாதிக்குச் சொல்லப் போன அன்றே பெரிய அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "அத்தை, புதன்கிழமை ராத்திரி படையல் மட்டும்தான். அம்மாவை உக்கார வச்சுச் செய்யறது எதுவும் வேண்டாம்னு இருக்கோம். அம்மாவே கழட்டி வச்சுட்டாங்க."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. "என்ன ஆயி இது, ஊர் என்ன சொல்லும்" என்றார். நான் பதில் சொல்லவில்லை, உட்கார்ந்தே இருந்தேன். அப்புறம், "எனக்கு அன்னிக்குச் செஞ்சப்போ நான் மயங்கி விழுந்தேன், உனக்குத் தெரியுமா?" என்றார். சின்ன அத்தையிடம் தானே பேசிக்கொள்வதாகவும் சொன்னார். புதன்கிழமை இரவு யாரோ ஒரு பாட்டி, "ஏன் எதுவும் செய்யலை" என்று ஆரம்பித்தபோது அவர் வாயை அடைத்தது அத்தைதான். சடங்கில் எதைச் செய்வது, எதை விடுவது என்பது அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. ஆனால் வழக்கத்தை மாற்றுகிறீர்கள் என்றால் அதை அழைக்கப் போகும்போதே, அந்த முறைக்கு உரியவரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சொன்னால் அவர்கள் தங்களுக்காக மட்டுமல்ல, கூட்டத்துக்காகவும் சண்டை போட வேண்டியதாகிவிடும்.

பத்திரிகைக்கு வருகிறேன். அச்சுக்கூடத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு வைத்திருக்கும் வாசகத்தையே பெயரை மாற்றிப் போட்டுவிடும் அபாயம் உண்டு. எங்களுக்கு வந்த முதல் புரூஃபில், "நிகழும் மங்களகரமான" என்று ஆரம்பித்து, "சுற்றமும் நட்பும் சூழ" என்று போய், கடைசியில், "தங்கள் நல்வரவை விரும்பும்" என்று முடிந்திருந்தது. மூன்றையும் அடித்தோம். மேலே பிள்ளையார் சுழியோடு, "சுபம்" என்று வந்துவிடாமலும் பார்க்க வேண்டும். மஞ்சள் தாள் வேண்டாம், மூலையில் மஞ்சள் தடவுவதும் கிடையாது. வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து போதும். "சிவலோக பதவி", "வைகுண்ட பதவி", "இயற்கை எய்தினார்" இவற்றில் எதைப் போடுவது என்று அச்சுக்கூடம் தீர்மானிக்கக் கூடாது. போனவர் எதை ஏற்றுக்கொண்டிருப்பார் என்று வீட்டில் பேசிப் போடுங்கள். நாங்கள் கடைசியில் போட்ட வாசகம் ஏறக்குறைய இது:

"எங்கள் தகப்பனார் திரு. ____ அவர்கள் ____ தேதி புதன்கிழமை பின்னிரவு 1.40 மணிக்குச் சிவலோக பதவி அடைந்தார். அன்னாரின் பதினாறாம் நாள் காரியம் ____ தேதி வியாழக்கிழமை காலை 6 மணிக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையிலும், பகல் 11.30 மணிக்கு எங்கள் இல்லத்தில் படையலும் நடைபெறும். தாங்கள் வந்திருந்து, அன்னாரின் ஆன்மா சாந்தி பெற வேண்டிக்கொண்டு, மதிய உணவிலும் கலந்துகொள்ளக் கேட்டுக்கொள்கிறோம். மொய் எழுதுவதில்லை. இங்ஙனம்,"

இங்ஙனம் என்பதற்குக் கீழே யார் பெயர்கள் வருகின்றன என்பதைக் கவனியுங்கள். மகன்கள், பேரன்கள் பெயர் மட்டும் வந்து மனைவியும் மகள்களும் விடுபட்டுப்போன பத்திரிகைகளை நான் பார்த்திருக்கிறேன். நாங்கள் அம்மா பெயரை முதலில் போட்டு, பிறகு தம்பி, நான், மருமகள், மாப்பிள்ளை என்று போட்டோம். முகவரிக்குக் கீழே இரண்டு போன் எண்கள் வேண்டும். இரண்டுமே தம்பியின் எண்ணாக இருக்கக் கூடாது. காரியத்தன்று காலையில் அவன் ஆற்றுக்குள் நிற்பான், வழி கேட்டு வரும் போனை எடுக்க முடியாது. மொய் விஷயத்தில் ஊருக்கு ஊர் வழக்கம் வேறு. எழுதுவதில்லை என்றால் அச்சிலேயே சொல்லிவிடுவதுதான் வருகிறவர்களுக்கு உதவி.

பத்திரிகையை வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளாமல், படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் தேதியும் நேரமும் வாயால் சொல்லி அவர்கள் மனதில் பதிய வேண்டும். மடிப்பில்லாத ஒற்றைத் தாளாக அடித்தால் பார்த்த மாத்திரத்தில் படித்துவிடலாம். தபாலில் எதிர்பார்க்கும் வெளியூர்ப் பெரியவர்களுக்கு ஆறாம் நாளுக்குள் அனுப்பிவிட வேண்டும், பிந்தினால் காரியம் முடிந்த பிறகு போய்ச் சேரும். மற்ற வெளியூர்களுக்குப் போன் போதும், பேசிய பிறகு பத்திரிகையை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். இந்த வரிசை மாறக் கூடாது. பேசுவதற்கு முன்பே படம் போய்விட்டால், "வாட்ஸ்அப்பில் போட்டுட்டாங்க" என்றுதான் ஆகும். குடும்பக் குழுவில் போடவே வேண்டாம் என்று நான் சொல்வேன். எங்கள் குழுவில் அதே வாரம் பெண் அழைப்புக்கு நாள் குறித்திருந்த ஒரு வீடும், நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தியும் இருந்தார்கள்.

கல்யாணம் நிச்சயமான வீடு, புதுமணத் தம்பதி இருக்கும் வீடு, கர்ப்பிணி இருக்கும் வீடு, இவற்றுக்குப் பத்திரிகையைக் கொண்டுபோகாமல் அந்த வீட்டுப் பெரியவருக்கு மட்டும் போன் செய்தோம். "உங்க காதுல போட்டு வைக்கலாம்னுதான், வரணும்னு இல்ல" என்று நாமே சொல்லிவிட்டால் அவர்கள் காரணம் தேட வேண்டியதில்லை. சொல்லாமலே விட்டுவிடுவது தவறு. அப்படி விடப்பட்டவர்கள், தங்களை ஒதுக்கிவிட்டதாகத்தான் நினைப்பார்கள்.

நேரில் போகும் வீடுகளுக்குச் செவ்வாய், வெள்ளி தவிர்த்து மாலை நேரத்தில் போனோம். அந்தப் பன்னிரண்டாம் நாள் ஞாயிறாக இருந்ததால் தெரு முழுவதையும் அன்றே முடித்துவிட்டோம். உள்ளே கூப்பிட்டாலும் வாசலிலோ திண்ணையிலோ நின்று சொல்லிவிட்டு, கிளம்பும்போது, "வரேன்" என்று சொல்லாமல் தலையசைத்துவிட்டு வந்துவிடுவதுதான் வழக்கம். காரியத்துக்கு வருகிறவர்களும் சாப்பிட்டுவிட்டுச் சொல்லாமல்தான் கிளம்புவார்கள். வேறு பழக்கத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப்போங்கள்.

அக்கம்பக்கத்துக்குச் சொல்வது வேறு மாதிரி. உறவுக்கு உரிமையைச் சொல்கிறோம், அண்டை வீட்டுக்கு நம்மால் வரப்போகும் தொந்தரவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புதன்கிழமை இரவிலிருந்து பந்தல் தெருவின் பாதியை அடைத்திருக்கும். விடிகாலை நாலு மணிக்குச் சங்கு, சேகண்டிச் சத்தம் கேட்கும். பத்து மணிக்கு மேல் வண்டிகள் வந்து நிற்கும். பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பெண் இருந்தாள். எதிர்வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்கு ஐந்தரைக்குக் காரை எடுக்க வேண்டும். அவர் காரை முந்தின இரவே தெருமுனைக்குக் கொண்டுபோய் நிறுத்திக்கொண்டார், சங்கை வீட்டு வாசலில் ஊதாமல் படித்துறையிலேயே ஊதச் சொன்னோம். இரண்டு ஏற்பாடும் சொல்லப்போன இடத்தில் வாசலில் நின்று பேசியபோது தானாக வந்தவை. தெருவில் பந்தல் போட எங்கே அனுமதி வாங்க வேண்டும் என்று பந்தல்காரரிடம் கேளுங்கள், அவருக்குத் தெரியும்.

பின்வீட்டில் ஒரு இஸ்லாமியக் குடும்பம். அப்பாவை ஆம்புலன்ஸில் ஏற்றிய இரவில் ஓடி வந்தது அந்த வீட்டுப் பையன்தான். படைத்த சாப்பாட்டை அவர்கள் சாப்பிடமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும், அதற்காகச் சொல்லாமல் இருப்பது நியாயமும் இல்லை. அந்த வீட்டு அம்மாவிடம் நேராகவே கேட்டேன். "படையல் போடறதுக்கு முன்னாடியே உங்களுக்குன்னு தனியா எடுத்து வச்சிடுறோம், சாப்பிடுவீங்களா?" படைக்காதது என்றால் சாப்பிடுவோம் என்றார். சமையல்காரரிடம் சொல்லி, படையலுக்கு எடுப்பதற்கு முன்பே ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கூட்டும் எடுத்து மூடி வைத்தோம். கேட்காமல் நாமாக ஊகித்து வாசலோடு நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல். கிறிஸ்தவ நண்பர்களிடமும் இப்படியே கேட்டுவிடலாம்.

பால் போடுகிறவர், தெரு கூட்டும் அம்மா, அன்று ஆம்புலன்ஸ் ஓட்டியவர், மயானத்தில் வேலை செய்தவர்கள், இவர்கள் பெயரும் நோட்டில் இருக்க வேண்டும். இவர்களைச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு, மற்றவர்களோடு ஒரே பந்தியில் உட்கார வையுங்கள். பாத்திரத்தில் கட்டிக் கொடுத்து அனுப்பும் பழக்கத்தை நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.

இனி ஆள் கணக்கு. கல்யாணத்துக்கு ஒரு வீட்டிலிருந்து நாலு பேர் வருவார்கள், கருமாதிக்குப் பெரும்பாலும் ஒருவர்தான். ஆனால் துக்கத்துக்கு வர முடியாமல் போனவர்கள் கருமாதிக்குக் கட்டாயம் வந்துவிடுவார்கள், அதனால் மாலை போட்டவர்களை எண்ணிக் கணக்குப் போட முடியாது. எங்கள் நோட்டில் நூற்றுப்பத்து வீடுகள். உள்ளூர் வீட்டுக்கு ஒருவர், வெளியூர் வீட்டுக்கு இரண்டு பேர், முதல் பட்டியலில் இருந்த நெருங்கிய வீடுகளுக்கு மட்டும் முழுக் குடும்பம் என்று போட்டதில் நூற்றைம்பது வந்தது. காரியம் செய்கிறவர்கள், பந்தல், சமையல் ஆட்கள் என்று இருபது சேர்த்தோம். சமையல்காரர் கிலோ அரிசிக்கு எட்டு ஒன்பது பேர் என்று இருபது கிலோ வாங்கச் சொன்னார். அதைப் பாதியாகப் பிரித்து முதலில் பத்துக் கிலோ வடித்து, முதல் பந்தியில் உட்கார்ந்தவர்களைப் பார்த்துவிட்டு அடுத்த உலையை வைத்தார். சொன்ன நேரத்துக்குப் பந்தி போட முடியுமா என்பது ஆற்றங்கரையிலிருந்து எப்போது திரும்புகிறோம் என்பதைப் பொறுத்தது. படையல் முடியாமல் இலை போடமாட்டார்கள். காலையிலேயே வந்தவர்களில் சர்க்கரை உள்ளவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களுக்கு எட்டு மணிக்கு இட்லி கொடுத்துவிட ஏற்பாடு செய்திருந்ததால், பந்தி ஒரு மணிக்குத் தள்ளிப்போனபோது யாருக்கும் கஷ்டமில்லை.

செவ்வாய்க்கிழமை இரவு மறுபடி ஒருமுறை போன். எல்லோருக்கும் வேண்டாம், முதல் இரண்டு பட்டியலுக்கு மட்டும். "புதன்கிழமை ஏழு மணிக்குள்ள", "வியாழன் ஆறு மணிக்குப் படித்துறை" என்று அந்த ஒரு வரி. அப்படிக் கூப்பிட்டதில்தான் ஒரு சித்தப்பா இன்னும் வெள்ளிக்கிழமைக்கே டிக்கெட் போட்டு வைத்திருந்தது தெரிந்தது. அன்று இரவே பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வியாழன் சாயங்காலம் பந்தல் பிரித்த பிறகும் இரண்டு மூன்று பேர் வந்து, "தெரியாமப் போச்சும்மா" என்றார்கள். அவர்கள் பெயரையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, காரியம் செய்து வைத்தவர் சொன்ன மாதம், பட்சம், திதி மூன்றையும் மேலே குறித்து, நோட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். தலைத் திவசம் ஆங்கிலத் தேதியில் வராது, அந்தத் திதியில்தான் வரும். அதற்குச் சொல்லும் வேலை அவனுடையது.